பெட்டியின் மேல் இருந்த முத்திரை

அந்த வணிக வளாகத்தின் தரைத்தளத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. ‘தீப்பெட்டி’ என்றால்தான் தெரியும். எதிர்க்கடைத் தையல்காரர் வைத்த பெயர். ஆள் குள்ளம், லேசாக உரசினாலே பற்றிக்கொள்வாள் என்று விளக்கமும் சொல்வார். அவள் காதுபடவே சொல்வார். அவள் அதற்கு ஒருநாளும் கோபப்பட்டதில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பட்டாள்.

அவளுடையது போன் சாமான் கடை. உடைந்த கண்ணாடி மாற்றுவது, பேட்டரி மாற்றுவது, உறை, சார்ஜர், கேபிள். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வெளியே நின்றுதான் பேச வேண்டும். கல்லாவுக்கு மேலே ஒரு பலகை: ‘ஐபோனுக்குச் சான்று பெற்ற கேபிள் மட்டுமே விற்கப்படும்.’ அவளே எழுதியது. கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும்.

பலகைக்குக் காரணம் உண்டு. சொந்தக் கடை போடுவதற்கு முன் வேறொருவர் கடையில் நின்றுகொண்டிருந்தாள். அந்த முதலாளி போலிச் சரக்கைக் கொடுத்து, “ஒரிஜினல்னு சொல்லு” என்பார். முதல் வாரமே, வந்த வாடிக்கையாளரிடம், “இது டூப்ளிகேட்டு, எடுக்காதீங்க” என்று முதலாளி முன்னாலேயே சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்த புருஷன், “வேலையாவது மயிராவது, வா பாத்துக்கலாம்” என்றான். அப்படித் தொடங்கியதுதான் இந்தக் கடை. பழுது பார்ப்பது அவள் கை. வெளியே போய்ச் சரக்கு எடுத்து வருவது அவள் கொழுந்தன், புருஷனின் தம்பி. சாதுவான ஆள். அண்ணி ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று தடவை தலையாட்டிவிடுவான்.

அன்றைக்கு முற்பகல், சந்தடி தொடங்குகிற நேரத்தில், ஒருவர் ஐபோனையும் கேபிளையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். காக்கிச் சட்டை, ஏறிய நெற்றி, தூங்காத கண். பயணிகளை ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறவர். கேபிளை மேசைமேல் எறிந்தார். அது வழுக்கி அவள் மடியில் விழுந்தது.

“பலகைய எதுக்கும்மா மாட்டி வச்சிருக்கே? இறக்கி அடுப்புல போடு!”

“கேபிள எடுத்துக் கையில குடுங்க. எறியற வேலையெல்லாம் உங்க வீட்டுல வச்சுக்கங்க.”

“வீடா? வீட்டுக்கு அனுப்பிட்டாங்கம்மா என்னை! உன் கேபிளாலதான் அனுப்பினாங்க.”

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். பக்கத்துக் கடைவாசலிலும் தலைகள் தெரிந்தன. டிரைவருக்கு ஆள் கூடியது பிடித்திருந்தது போல. எல்லோரையும் பார்த்துச் சொன்னார். ஒரு குடும்பத்தை விமான நிலையத்துக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். புது ரோடு, போன் காட்டுகிற வழியில்தான் போகவேண்டும். கேபிள் மாட்டித்தான் இருந்தது. பாதி வழியில் திரையில் ஓர் எச்சரிக்கை: இந்தத் துணைப்பொருளை இந்த போன் ஏற்காமல் போகலாம். தள்ளிவிட்டார். மறுபடி வந்தது. தள்ளத் தள்ள வரைபடத்தின்மேல் வந்து உட்கார்ந்தது. சார்ஜும் ஏறவில்லை. மேம்பாலத்தின்மேல் போன் அணைந்துபோனது. தப்பான பிரிவில் இறங்கி, சுற்றி, வழி கேட்டு, போய்ச் சேர்ந்தபோது விமானத்துக்குக் கதவடைத்தாயிற்று. பயணிகள் வேன் முதலாளியைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். முதலாளி சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

“போன சார்ஜ் பண்ணிக்கக்கூடத் துப்பில்லாதவன்னு அத்தன பேர் முன்னால சொல்லிட்டாரும்மா. இருபது வருஷமா ஓட்டறேன்!”

அவர் குரல் உடைந்தது. தீப்பெட்டி அதைக் கவனித்திருக்கவேண்டும். கவனிக்கவில்லை. அவள் காதில் ‘உன் கேபிள்’ என்ற சொல் மட்டும்தான் நின்றது.

“எச்சரிக்கை வந்தா உடனே கேபிள் போலின்னு அர்த்தமா? அது பல காரணத்துக்கு வரும். போன் தொளையில அழுக்கு இருந்தா வரும். கேபிள் நைஞ்சுபோயிருந்தா வரும். போனே கிறுக்குப் புடிச்சிருந்தாலும் வரும். குடுங்க இப்படி.”

போனை அணைத்தாள். விளக்கை இழுத்து, சார்ஜ் ஏறும் துளைக்குள் பார்த்தாள். பல் குத்தும் மரக்குச்சி ஒன்றை எடுத்து, ஓரமாக நுழைத்து, மெதுவாக நெம்பினாள். சாம்பல் நிறத்தில் பஞ்சு உருண்டை ஒன்று வந்தது. பிறகு இன்னொன்று. சட்டைப்பை நூலும் தூசியும் நாளடைவில் உள்ளே போய் அமுங்கிக் கெட்டிப்பட்டது. இரண்டையும் ஒரு வெள்ளைத் தாளில் வைத்து, நகைக்கடையில் தட்டை நீட்டுவதுபோல் கூட்டத்துக்குக் காட்டினாள்.

“தலைகாணியே தைக்கலாம்போல இருக்கே,” என்றார் தையல்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

போனை உயிர்ப்பித்து, தான் கடையில் பயன்படுத்தும் கேபிளைச் செருகினாள். சத்தமில்லாமல் சார்ஜ் ஏறியது. எச்சரிக்கை ஏதும் இல்லை.

“பாத்தீங்களா? ஊசி கீசி விட்டு நோண்டியிருக்கீங்க வேற, ஓரத்துல கீறல் இருக்கு. தப்ப உங்க பையில வச்சுக்கிட்டு என் கடைவாசல்ல வந்து சாமியாடறீங்க.”

டிரைவரின் முகம் கறுத்தது. கூட்டம் கலையத் தொடங்கியது. அவர் போய்விடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் போகவில்லை. அவள் மேசையோரம் எடுத்துப் போட்டிருந்த அந்தக் கேபிளை எடுத்து, சிரித்தவர்களைப் பாராமல், தாழ்ந்த குரலில் சொன்னார்:

“உன் கேபிள்ல ஏறுதும்மா. என்கிட்ட நீ வித்தத போட்டுக் காட்டு.”

போட்டாள். சார்ஜ் ஏறுவதைக் காட்டும் மின்னல் குறி ஒரு கணம் வந்தது. பிறகு எச்சரிக்கை.

கழற்றித் துடைத்து மறுபடி போட்டாள். மறுபடி எச்சரிக்கை. போனை ஒருமுறை அணைத்து எழுப்பிப் பார்த்தாள். அதே. தன் சொந்தப் போனை எடுத்து அதில் செருகினாள். அதிலும் வந்தது. அவள் போனின் துளை கண்ணாடிபோல் இருக்கும்.

சரி, கேபிள்தான் கெட்டிருக்கிறது என்று புரிந்துவிட்டது. ஆனாலும் கெட்ட கேபிள் எல்லாம் போலி ஆகாது. நல்ல கேபிளும் மடங்கி உள்ளே அறுந்துபோகும். வாயைத் திறந்து அதைத்தான் சொல்லப்போனாள். அதற்குள் டிரைவர் பையிலிருந்து பெட்டியை எடுத்து வைத்தார். மடிப்புக் கலையாத பெட்டி. அதன் பின்புறம் அவள் கடை ஸ்டிக்கர், பக்கத்தில் அவள் கையெழுத்தில் தேதி. முன்புறம், ‘மேட் ஃபார் ஐபோன்’ என்ற முத்திரை, சின்ன போன் படத்தோடு.

“வாங்கி முழுசா ரெண்டு மாசம்கூட ஆகல. வண்டியில மாட்டினத கழட்டவே இல்ல. எங்கயாவது மடங்கியிருக்கா பாரு.”

மடங்கவில்லை. அவள் கேபிளின் முனையை விளக்கடியில் பிடித்தாள். அவளுடைய கேபிளில் அந்த உலோக முனை ஒரே துண்டாக, விளிம்பு உருண்டு, தொடுபுள்ளிகள் வழவழவென்று ஒரே சீராக இருந்தன. இதில் விளிம்பு நகத்தில் தட்டியது. ஒரு தொடுபுள்ளி மற்றவற்றைவிடச் சதுரமாக இருந்தது.

முத்திரை என்பது போன் கம்பெனி இலவசமாகத் தூவுவதல்ல. கேபிள் செய்கிறவன் அந்தக் கம்பெனியிடம் பதிவு செய்து, சோதனையில் தேறி, அவர்கள் கொடுக்கும் சின்னச் சில்லை, அதாவது சிப்பை, முனைக்குள் வைக்க வேண்டும். செருகியதும் போன் ‘நீ யார்’ என்று கேட்கும், சில்லு பதில் சொல்லும். தேறின சாமான்களின் பட்டியலைக் கம்பெனி தன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. தீப்பெட்டி அதைத் திறந்தாள். பெட்டியில் இருந்த பிராண்டின் பெயரைத் தட்டினாள். எதுவும் இல்லை. மாடல் எண்ணைத் தட்டினாள். இல்லை. பார்கோடுக்குக் கீழே இருந்த எண்ணைத் தட்டினாள். அதுவும் இல்லை. சந்தேகத்துக்கு, தான் பயன்படுத்தும் கேபிளின் பிராண்டைத் தட்டினாள். வரிசையாக வந்து நின்றது.

திரும்பிச் சுவரைப் பார்த்தாள். கொக்கிகளில் அதே பெட்டி. மேல்வரிசை முழுக்க அதே பெட்டி. எப்போது மாறியது? நிறமும் எழுத்தும் பழைய பிராண்டைப் போலவே இருந்ததால் அவள் கண் அதன்மேல் சறுக்கிப் போயிருந்தது. கல்லாவிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கிட்டப்போய்ப் படித்தால்தான் தெரியும். அவள் படிக்கவில்லை.

“உக்காருங்க,” என்றாள் டிரைவரிடம். கோபம் குறையவில்லை. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் குரலிலேயே நின்றது. “அந்தப் பஞ்சு உங்களுது. மத்தது எங்களுது. உக்காருங்கன்னு சொல்றேன்ல!”

அவர் பயந்து உட்கார்ந்துவிட்டார்.

கொழுந்தன் சாப்பாட்டுக் கூடையோடு வந்தபோது, மேசைமேல் பெட்டிகள் குவிந்திருந்தன. கூடையைக் கீழே வைக்காமலே நின்றான். அதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“எங்க எடுத்தே?”

“அண்ணி, அது வந்து...”

“வந்தத கேக்கல. எங்க எடுத்தே?”

“பழைய ஆளுக்குச் சரக்கு வரல அண்ணி. எப்ப வரும்னும் சொல்லல. கொக்கியெல்லாம் காலியா இருந்துச்சு. பின்தெருவுல மொத்தக்கடைக்காரர் தந்தாரு. முத்திரை போட்டிருந்துச்சு. என் போன்லயும் மாட்டிப் பாத்தேன், நல்லா ஏறுச்சு.”

“ஏறினா சான்று இருக்குன்னு ஆயிடுமா? சில்லையே காப்பியடிச்சு வச்சிருப்பான். இன்னைக்கு போன் ஏமாறும். கம்பெனி மென்பொருளை மாத்தி அனுப்பினதும், ‘நீ யாருடா’ன்னு கேக்கும். அன்னைக்கு நடுரோட்டுல நிக்கறது நீயா? இவரு!”

கொழுந்தன் டிரைவரைப் பார்த்தான். டிரைவர் செருப்பைப் பார்த்தார்.

“பட்டியல்ல பாக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். கூடையைக் கீழே வைத்தான்.

“எப்படி அண்ணி கேக்கறது? சரக்கு வரலன்னு சொன்னாக் கத்துவீங்க. ஆள மாத்தலாமான்னா கத்துவீங்க. ஒரு தடவ நானா ஒரு வேலைய முடிச்சுட்டு வந்தா நல்லதுன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன்.”

அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து அவன் அவள் முன்னால் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. பட்டதே எரிச்சலைக் கூட்டியது.

“பேசினது போதும். பைய எடு. எல்லாத்தையும் அள்ளு. நீங்களும் வாங்க,” என்று டிரைவரையும் கிளப்பினாள். “போன மறக்காதீங்க.”

மொத்தக்கடைக்காரர் பின்தெருவில் ஒரு மாடிப்படியின் கீழ் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னும் பின்னும் அட்டைப்பெட்டிகள். தீப்பெட்டி பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். டிரைவரின் போனை வாங்கி, கொட்டினதிலிருந்து புதுப்பெட்டி ஒன்றைக் கிழித்து மாட்டிக் காட்டினாள். எச்சரிக்கை வந்தது. பட்டியலையும் திறந்து காட்டினாள்.

அவர் பதறவே இல்லை. “தங்கச்சி, முத்திரைங்கறது அச்சாபீஸ்ல அடிக்கற மை. எல்லாரும் அடிக்கறாங்க. நீங்க ஒருத்தர்தான் பட்டியல், கிட்டியல்னு வர்றீங்க. வேற கலர்ல வேணுமா?”

அதற்குப் பிறகு அந்தத் தெரு அன்றுவரை கேட்காததையெல்லாம் கேட்டது. அவர் அப்பா பிள்ளை வளர்த்த லட்சணத்தில் தொடங்கி, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கால்வரைக்கும் அவள் எதையும் விடவில்லை. படியில் ஏறிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நின்றார்கள். சரக்கு வாங்க வந்திருந்த இரண்டு கடைக்காரர்கள் தங்கள் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வாங்காமல் நழுவினார்கள். அதுதான் அவருக்குச் சுட்டது. “சரக்க வச்சுட்டு எடத்தக் காலி பண்ணுங்க, குடுத்த காச அப்படியே திருப்பித் தர்றேன்,” என்றார்.

“காசு யாருக்கு வேணும்? சரக்கு வேணும்ல உனக்கு, மறுபடி விக்கறதுக்கு?”

கொட்டிய கேபிள்களை மறுபடி அள்ளிக் கடைக்கே கொண்டுபோகச் சொன்னாள். அங்கே கொழுந்தன் அத்தனையையும் கத்தரியால் முனையில் வெட்டிப் பையில் போட்டான். நஷ்டம் நஷ்டம்தான். அதைப்பற்றி அவள் வீட்டில் பேசவில்லை. புருஷன் கேட்டபோது, “உன் தம்பிய கேளு,” என்றாள். அவன் தம்பியைக் கேட்கவுமில்லை. இரண்டு பேரிடமும் மாட்டிக்கொள்ள அவன் முட்டாள் அல்ல.

ஆனால் டிரைவரின் சாவி இன்னும் முதலாளியிடம்தான் இருந்தது. மறுநாள் அவள் வேன் ஆபீசுக்குப் போனாள். டிரைவர் வேண்டாம் என்று கெஞ்சியும் போனாள். முதலாளி பெரிய மேசைக்குப் பின்னால், இரண்டு போன்களில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்.

“கேபிள் வித்த கடைக்காரி நான். தப்பு என் கடையில. இவரு மேல போட்டீங்களே, அத எடுங்க.”

“அம்மா, போன் சார்ஜ்ல இருக்கான்னு பாக்கறது டிரைவர் பொறுப்பு.”

“பாத்தாரு. மாட்டித்தான் வச்சிருந்தாரு. நீங்க எத மாட்டியிருக்கீங்க?”

முதலாளியின் போன் மேசையோரம் ஒரு வெள்ளைக் கேபிளில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கேட்காமலே எடுத்து முனையைத் திருப்பினாள். அது நல்ல கேபிள்தான். விளிம்பு வழவழப்பு, எல்லாம் சரி. முகத்தில் அடித்தாற்போல ஒன்றைச் சொல்லத் தயாராக வந்தவள் கேபிளை மெதுவாக மேசைமேல் திருப்பி வைத்தாள்.

“என்னம்மா, போலியா?” என்றார் அவர்.

“இல்ல. நல்லாத்தான் இருக்கு.” பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “எங்க வாங்கினீங்கன்னு இவருக்கும் சொல்லியிருக்கலாம்ல?”

முதலாளி சிரித்துவிட்டார். சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பில்தான் காரியம் நகர்ந்தது. சாவி திரும்பியது. விமான நிலையச் சவாரி மட்டும் கொஞ்ச நாளைக்குக் கிடையாது என்றார். “அந்தக் குடும்பம் இன்னும் புகார் எழுதிக்கிட்டிருக்கு.” டிரைவர் அதற்கே கையெடுத்துக் கும்பிட்டார். வெளியே வந்ததும் தீப்பெட்டி அவரிடம் கத்தினாள்: “எதுக்குக் கும்பிடறீங்க? தப்பு பண்ணாதவன் எதுக்குய்யா கும்பிடணும்?” சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு கேபிளை எடுத்து நீட்டினாள். முத்திரையும் உண்டு, பட்டியலிலும் உண்டு. “தொளைய மாசத்துக்கு ஒருதடவ குச்சியால தொடைங்க. போன அணைச்சுட்டு. ஊசி கூடாது.” மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. அவர் அதைக் கேபிளிலேயே எடுத்துக்கொண்டார் போல.

அந்த வாரம் முழுக்கக் கடைவாசலில் ஒரு தாள் தொங்கியது: இன்ன பிராண்டு கேபிளை எங்களிடம் வாங்கினவர்கள் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளவும். சிலர் வந்தார்கள். சிலர் திட்டினார்கள். இத்தனை நாள் அவளுக்குத் திட்டித்தான் பழக்கம், திட்டு வாங்கிப் பழக்கமில்லை. ஒவ்வொருவர் போன பிறகும் தண்ணீர் குடித்தாள். போன் கம்பெனியின் தளத்தில் போலிச் சரக்குப் பற்றிப் புகார் எழுத இடம் இருந்தது. எழுதினாள். ‘பெற்றுக்கொண்டோம், நன்றி’ என்று தானாக வரும் பதில் வந்தது. அதோடு சரி. பின்தெருக்காரர் இன்றைக்கும் அதே மாடிப்படியின் கீழ்தான் இருக்கிறார், வேறொரு பெட்டி, வேறொரு நிறம். அந்தப் பக்கம் போக நேர்ந்தால் அவள் நின்று நாலு வார்த்தை சொல்லாமல் நகர்வதில்லை.

கொழுந்தனோடு அவள் பல நாள் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் புது ஆளிடமிருந்து சரக்கு வந்தது. அவள் ஒரு கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஓரமாக உட்கார்ந்து பெட்டியைப் பார்த்துப் பார்த்து எண்ணைக் கம்பெனிப் பட்டியலில் தட்டினான். திடீரென்று எழுந்து, சரக்கு அனுப்பினவரைப் போனில் கூப்பிட்டு, தெருவே கேட்கக் கத்தினான்.

“முத்திரைய அச்சடிச்சு ஒட்டிட்டா ஆச்சா? பட்டியல்ல உங்க மாடலே இல்ல! ஒருத்தன் நடுரோட்டுல நிப்பான், தெரியுமா? எடுத்துக்கிட்டுப் போங்க உங்க குப்பைய!”

தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, “ஆஹா, ரெண்டாவது தீப்பெட்டியா?” என்றார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெட்டியை வாங்கிப் பார்த்தாள். எண்ணைத் தானே தட்டினாள். பட்டியலில் அந்தக் கேபிள் வந்து நின்றது, பிராண்டும் நீளமும் நிறமும் சரியாக.

“இது ஒம்போதாடா? ஆறு! கண்ணாடி போடுன்னு எத்தன தடவ சொல்றது?”

கொழுந்தன் பெட்டியை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தான்.

“கூப்பிடு. அந்த ஆள மறுபடி கூப்பிட்டு மன்னிப்புக் கேளு.”

“நீங்க பேசுங்களேன் அண்ணி.”

“எனக்கு அது வராது. நீ கேளு, நான் பக்கத்துல நின்னு கேட்டுக்கறேன்.”

அவன் எண்ணை அழுத்தினான். மணி போய்க்கொண்டிருந்தது. அவள் ஒரு கையில் பெட்டியோடு நின்றுகொண்டு, அவன் என்ன சொல்லித் தொடங்குகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.